இரண்டு நானோ விநாடிப் பள்ளம்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மதர்போர்டில் மல்ட்டிமீட்டரை வைத்து, பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால் 1.00 வோல்ட் என்று அசையாமல் நிற்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. விநாடிக்குச் சில முறை அளந்து, நடுவில் நடந்ததையெல்லாம் சராசரி போட்டுக் காட்டுவதுதான் அதன் வேலை. பிராசசரோ 4 கிகா ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 400 கோடி முறை துடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 250 பிக்கோ விநாடிதான். ஒரு நானோ விநாடியில் கால் பங்கு அது. அந்த நுணுக்கத்தில் அளக்கும் கருவி ஒன்று சிலிக்கானுக்குள்ளேயே இருந்தால், மீட்டர் காட்டிய நேர்கோடு மேடும் பள்ளமுமாக மாறிவிடும். சில பள்ளங்கள் 0.9 வோல்ட் வரை இறங்கி, சில நானோ விநாடிகளில் மறுபடி மேலே வந்துவிடும்.

இவ்வளவு சின்னப் பள்ளத்துக்காக சிப் வடிவமைப்பாளர்கள் வேகத்தையும் மின்சாரத்தையும் ஆண்டுக்கணக்காக விட்டுக்கொடுத்து வருகிறார்கள். அது ஏன் என்று தெரிய ஒரே ஒரு கேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எளிமையான கேட் இன்வெர்ட்டர். உள்ளே 0 வந்தால் வெளியே 1, 1 வந்தால் 0. அதில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். மேலே இருப்பது வெளிமுனையை மின்வழங்கு கம்பியோடு இணைக்கும். கீழே இருப்பது தரையோடு இணைக்கும். வெளிமுனையில் அடுத்த கேட்டின் உள்முனையும், அங்கே போகும் கம்பியும் தொங்குகின்றன. மின்னியல் கண்ணில் இவை இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன மின்தேக்கி. வெளியே 1 வரவேண்டும் என்றால் மேல் டிரான்சிஸ்டர் அந்த மின்தேக்கியை நிரப்ப வேண்டும். நிரம்ப ஆகும் நேரம்தான் கேட்டின் தாமதம்.

வோல்டேஜ் குறைந்தால் நிரப்ப வேண்டிய மின்னூட்டமும் குறையும்தானே, அப்படியானால் வேலை சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிரப்பும் டிரான்சிஸ்டரின் பலம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. டிரான்சிஸ்டர் திறப்பதற்கு ஒரு வாசல் வோல்டேஜ் உண்டு. நம் கணக்குக்கு அதை 0.35 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே எவ்வளவு வோல்டேஜ் மிச்சம் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் மின்னோட்டம் அமையும். 1 வோல்டில் மிச்சம் 0.65. வோல்டேஜ் 0.9 ஆகும்போது மிச்சம் 0.55. வெளியே குறைந்தது 10 சதவீதம், உள்ளே மிச்சத்தில் குறைந்தது 15 சதவீதம். சகுராய், நியூட்டன் இருவரும் 1990-இல் எழுதிய சூத்திரம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது:

```
t ∝ C · V / (V − Vt)^α
```

இதில் `α` பழைய பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு 2. இன்றைய குட்டி டிரான்சிஸ்டர்களுக்கு 1.3-ஐ ஒட்டி எடுத்துக்கொள்ளலாம். எண்களைப் போட்டுப் பார்த்தால், 1 வோல்டில் இருந்ததைவிட 0.9 வோல்டில் கேட் சுமார் 12 சதவீதம் மெதுவாகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதே சிப்பை 0.7 வோல்டில் ஓட்டினால் வாசல் வோல்டேஜ் இன்னும் நெருங்கிவிடும். அங்கே அதே 10 சதவீதச் சரிவு வந்தால், மெதுவாவது 20 சதவீதம். தாழ்ந்த வோல்டேஜில் ஓடும் கைபேசி சிப்காரர்கள் இந்த விஷயத்தில் கூடுதலாகப் பதறுவதற்குக் காரணம் இதுதான்.

இனி, பள்ளம் எங்கிருந்து வருகிறது என்பது.

வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் ஒரு கணம் பல்பு மங்கும். மோட்டார் திடீரென்று இழுக்கும் மின்னோட்டம் தெருக்கம்பியிலும் வீட்டு வயரிலும் வோல்டேஜைத் தின்றுவிடுகிறது. சிப்பில் நடப்பதற்கும் அதுதான் அடிப்படை. ஆனால் நானோ விநாடிக் கணக்கில் வந்துவிட்டால், கம்பியின் மின்தடையைவிட அதன் மின்தூண்டல் பெரிய வில்லனாகிவிடும். மின்தடை ஓடுகிற மின்னோட்டத்தை எதிர்க்கும். மின்தூண்டல் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும். மாற்றம் எவ்வளவு சடுதியோ அவ்வளவு முரண்டு பிடிக்கும்.

ஒரு மில்லிமீட்டர் மெல்லிய கம்பிக்கே ஏறக்குறைய 1 நானோ ஹென்றி மின்தூண்டல் உண்டு. அதனால்தான் பிராசசருக்கு மின்சாரம் ஒற்றை வழியில் போவதில்லை. சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பற்றாசு மணிகள் பக்கம் பக்கமாக நின்று சுமக்கின்றன. இத்தனையும் சேர்ந்தபின் சிப்புக்கும் பேக்கேஜுக்கும் நடுவே மிஞ்சும் மின்தூண்டல் 10 பிக்கோ ஹென்றி என்று வைப்போம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். சிப்பின் மேலேயே உள்ள மின்தேக்கிகள் எல்லாம் சேர்ந்து 200 நானோ ஃபாரட் என்றும் வைத்துக்கொள்வோம். இவை எந்தக் குறிப்பிட்ட பிராசசரின் எண்களும் அல்ல. ஆனால் ஒரு பெரிய சிப்பில் எதிர்பார்க்கத்தக்க அளவில் உள்ளவை. கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வசதியானவை.

பிராசசரின் ஒரு கோர் நினைவகத்திலிருந்து வரவேண்டிய தரவுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு முன்னூறு கிளாக் வரைகூடப் போகும். அதுவரை வேலையில்லாத பகுதிகளுக்குக் கிளாக் போகாமல் தடுத்து வைத்திருப்பார்கள். மின்சாரச் சிக்கனத்துக்கான நல்ல ஏற்பாடு அது. தரவு வந்து சேர்ந்ததும், வரிசையில் நின்றிருந்த பெருக்கல்களும் கூட்டல்களும் ஒன்றாகப் பாயும். ஓரிரு கிளாக்குக்குள் கோர் முன்பைவிட 14 ஆம்பியர் கூடுதலாகக் கேட்கிறது என்று கொள்வோம். 100 வாட் சிப் 1 வோல்டில் ஓடினால் மொத்தம் 100 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 14 என்பது மிகையான எண் இல்லை.

இந்த 14 ஆம்பியரை யார் தருவது? மதர்போர்டில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர் தர முடியாது. அது விழித்துப் பதில் சொல்ல மைக்ரோ விநாடிகள் ஆகும். பேக்கேஜில் உள்ள மின்தேக்கிகள் தரலாம். ஆனால் நடுவில் அந்த 10 பிக்கோ ஹென்றி நின்று, மின்னோட்டம் உடனே ஏறாதபடி தடுக்கிறது. ஆக, முதல் சில கிளாக்குகளுக்கு சிப்பின் மேலுள்ள 200 நானோ ஃபாரட்தான் தன் கையிருப்பிலிருந்து தர வேண்டும். மின்தேக்கி மின்னூட்டத்தைத் தரத் தர அதன் வோல்டேஜ் இறங்கும். முழுப் பாரமும் அதன் மேலேயே இருந்தால், ஒரு நானோ விநாடிக்கு 14 ஆம்பியர் தந்ததும் 70 மில்லி வோல்ட் போய்விடும்.

இதற்குள் மின்தூண்டல் வழியே மின்னோட்டம் ஏறத் தொடங்கியிருக்கும். அது 14 ஆம்பியரை எட்டும் இடத்தில் வோல்டேஜ் பள்ளத்தின் அடியைத் தொடும். பிறகு ஏறும், ஏறின வேகத்தில் 1 வோல்டைத் தாண்டியும் போய்விட்டு, திரும்ப இறங்கும். மின்தூண்டலும் மின்தேக்கியும் சேர்ந்தால் இப்படி ஊசலாடத்தான் செய்யும். நம் எண்களுக்கு அந்த ஊசலின் அதிர்வெண் சுமார் 112 மெகா ஹெர்ட்ஸ். முழு ஊசல் 8.9 நானோ விநாடி. அடியைத் தொட ஆவது அதில் கால்பங்கு, அதாவது 2.2 நானோ விநாடி. பள்ளத்தின் ஆழம், மின்தூண்டலை மின்தேக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை மின்னோட்ட மாற்றத்தால் பெருக்கினால் கிடைக்கும்:

```
sqrt(10 pH / 200 nF) × 14 A ≈ 0.1 V
```

நிஜத்தில் மின்தடைகள் ஊசலைத் தணிப்பதால் ஆழம் இதைவிடக் கொஞ்சம் குறையும். நாம் பாதுகாப்பாக 0.1 வோல்டையே வைத்துக்கொள்வோம்.

துறைக்காரர்கள் இதை முதல் சரிவு என்பார்கள். இதற்குப் பின்னால் பேக்கேஜும் போர்டும் சேர்ந்து உண்டாக்கும் இரண்டாம் சரிவு சில மெகா ஹெர்ட்ஸ் அளவில் மெதுவாக வரும். ரெகுலேட்டர் விழித்துக்கொள்ளும்வரை நீடிக்கும் மூன்றாவது இன்னும் மெதுவாக வரும். அவற்றுக்குப் பெரிய மின்தேக்கிகளைப் போட்டுச் சமாளிக்க போர்டில் இடம் இருக்கிறது. முதல் சரிவுக்கு மருந்து சிலிக்கான் மேலேயேதான் வைக்க வேண்டும். அங்கே இடத்துக்கு விலை அதிகம்.

அந்த 2.2 நானோ விநாடியில் 4 கிகா ஹெர்ட்ஸ் பிராசசர் ஒன்பது கிளாக் ஓடிவிடும். பள்ளம் முழுவதும் கடக்கப் பதினெட்டு கிளாக் ஆகும். ஒரு கணக்கு தொடங்கி முடிவது ஒரே கிளாக்குக்குள் என்பதால், பள்ளத்தின் அடியில் மாட்டிக்கொண்ட கணக்குக்கு முதல் கேட் முதல் கடைசி கேட் வரை எல்லாமே 0.9 வோல்டில்தான் ஓடும். சராசரி 1 வோல்ட் என்பதால் அதற்கு எந்த ஆறுதலும் கிடையாது.

சிப்புக்குள் வேலை நடப்பது ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து ஃபிளிப்-ஃபிளாப்புக்கு. ஒரு கிளாக் துடிப்பில் முதல் ஃபிளிப்-ஃபிளாப் தன் மதிப்பை வெளியே விடும். அது பத்துப் பதினைந்து கேட்களைக் கடந்து போகும். அடுத்த துடிப்பு வருவதற்குள் இரண்டாம் ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும். துடிப்புக்குச் சற்று முன்பே வந்து அசையாமல் நிற்பதும் அவசியம். அதற்குப் பெயர் செட்டப் நேரம்.

250 பிக்கோ விநாடியை இப்போது பங்கு போடுவோம். ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து மதிப்பு வெளியே வர 25. ஒவ்வொன்றும் 12 பிக்கோ விநாடி எடுக்கும் பதினைந்து கேட்களுக்கு 180. செட்டப் நேரம் 20. கிளாக் துடிப்பே முன்னும் பின்னும் ஆடுவதற்கு 15. மொத்தம் 240. பத்துப் பிக்கோ விநாடி கையில் மிச்சம். 1 வோல்டில் பார்த்தால் நல்ல வடிவமைப்பு என்றே தோன்றும்.

பள்ளத்தில் அதே பாதையைப் பார்ப்போம். 25, 180, 20 மூன்றும் டிரான்சிஸ்டர் வேலை, சேர்ந்து 225. அது 12 சதவீதம் நீண்டு 252 ஆகிறது. கிளாக் ஆட்டத்துக்கான 15-ஐக் கூட்டினால் 267. கிளாக் 250-இல் வந்துவிடும். பதினேழு பிக்கோ விநாடி துண்டு விழுகிறது.

துண்டு விழுந்தால் மணி அடிக்காது, திரையில் எச்சரிக்கையும் வராது. சரியான மதிப்பு வழியில் இருக்கும்போதே கிளாக் வந்துவிட்டதால், இரண்டாம் ஃபிளிப்-ஃபிளாப் பழைய மதிப்பையே புதியது என்று எடுத்துக்கொள்ளும். சில சமயம் 0-க்கும் 1-க்கும் நடுவில் தத்தளித்துப் பிறகு ஏதோ ஒரு பக்கம் சாயும். சில கிளாக் கழித்து வோல்டேஜ் மீண்டுவிடும், கேட்கள் பழைய வேகத்துக்கு வந்துவிடும், சிப்பில் எந்தக் காயமும் இருக்காது. ஆனால் ஒரு பிட் தவறிவிட்டது. அடுத்து வரும் கணக்குகள் எல்லாம் அந்தத் தவறான பிட்டை நம்பியே ஓடும்.

இந்தத் துண்டை முன்கூட்டியே அடைத்து வைப்பதற்குத்தான் டைமிங் மார்ஜின். அதற்கான விலையைக் கொடுக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, லாஜிக்கைக் குறைப்பது. 180-க்குப் பதில் 165-க்குள் கேட்களை அடக்கினால், பள்ளத்தில்கூடப் பாதை 250-ஐ ஒட்டி முடிந்துவிடும். பதினைந்து கேட்டில் ஒன்றுக்கு மேல் தியாகம் செய்ய வேண்டும் என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது, கிளாக்கை 267 பிக்கோ விநாடிக்கு நீட்டுவது. 4 கிகா ஹெர்ட்ஸ் சிப் 3.74 கிகா ஹெர்ட்ஸ் சிப்பாகிவிடும். மூன்றாவது, வோல்டேஜை 1.1 ஆக உயர்த்தி, பள்ளத்தின் அடியே 1 வோல்டை ஒட்டி நிற்கும்படி செய்வது. மின்திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், இந்த வழியில் எப்போதும் 21 சதவீதம் கூடுதல் மின்சாரம் செலவாகும். பள்ளம் வராத கிளாக்குகளிலும்தான்.

நடைமுறையில் மூன்றும் கலந்தே இருக்கும். 1 வோல்ட் என்று விற்கும் சிப்பின் டைமிங்கை 0.9 வோல்டில், சூடான நிலையில், உற்பத்தியில் மந்தமாகப் பிறந்த டிரான்சிஸ்டர்களோடு சரிபார்த்துவிட்டுத்தான் தொழிற்சாலைக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். இதில் ஒரு வீண்செலவும் ஒளிந்திருக்கிறது. வோல்டேஜ் தாழ்வு, வெப்பம், மந்தமான டிரான்சிஸ்டர் ஆகிய எல்லாமே ஒரே நேரத்தில் ஒரே பாதையில் மிக மோசமாகச் சேர்வது அபூர்வம். ஆனாலும் விற்ற சிப்களில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்பதால் அந்த அபூர்வத்துக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். என் பார்வையில் இது பேராசையின் எதிர்ப்பக்கத் தவறு, ஆனால் மன்னிக்கத்தக்க தவறு.

கிளாக்கும் இதே மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கிளாக் துடிப்பு சிப் முழுவதும் பரவுவதற்கு அதுவும் பல கேட்களைத் தாண்டி வருகிறது. வோல்டேஜ் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். துடிப்புகளின் இடைவெளி தானாகவே கொஞ்சம் நீளும். தரவும் மெதுவாகிறது, அதற்குக் கிடைக்கும் நேரமும் கூடுகிறது. சில சிப்களில் இதை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடியைத் தொட்டு வோல்டேஜ் ஏறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். துடிப்புகள் விரைந்து வரத் தொடங்கி இடைவெளி சுருங்கும்; தரவுப் பாதையோ இன்னும் பள்ளத்துக்குள்தான் இருக்கும். மார்ஜின் மிகக் குறைவாக இருக்கும் கிளாக், பள்ளத்தின் அடியைவிடச் சற்றுப் பின்னால் அமைவது இதனால்தான்.

மார்ஜின் எவ்வளவு இருக்கிறது என்பதை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2019 டிசம்பரில் பர்மிங்காம் பல்கலைக்கழகம், கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். இன்டெல் கோர் பிராசசர்களில் `MSR 0x150` என்ற பதிவேட்டில் எழுதினால், மென்பொருளிலிருந்தே வோல்டேஜைக் குறைக்க முடிந்தது. அதிர்வெண்ணைத் தொடாமல், வோல்டேஜை மட்டும் நூறு மில்லி வோல்டுக்கு மேல் படிப்படியாக இறக்கிக்கொண்டு, ஒரே பெருக்கலைத் திரும்பத் திரும்பச் செய்ய விட்டார்கள். அதன் சாரம் இவ்வளவுதான்:

```
do {
  var = 0xdeadbeef;
  var *= multiplier;
} while (var == correct);
```

விடை சரியாக இருக்கும்வரை சுற்று ஓடும், தவறினால் நிற்கும். கணித விதிப்படி இது ஒருநாளும் நிற்கக் கூடாது. ஒரு கட்டத்தில் நின்றது. இயங்குதளம் அதுவரை விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டல், கழித்தல், பிட் நகர்த்தல் போன்ற எளிய கட்டளைகளை அவர்களால் தவற வைக்க முடியவில்லை. பெருக்கலும், ஏ.இ.எஸ். மறையாக்கக் கட்டளைகளும் தவறின. கூட்டலைவிடப் பெருக்கலில் கேட்களின் சங்கிலி நீளம். மிச்ச நேரம் குறைவு. அங்கேதான் முதலில் துண்டு விழும் என்பதோடு இது பொருந்திப் போகிறது.

இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது, விளிம்பை ஒட்டிய வோல்டேஜில் முதல் பெருக்கலே தவறிவிடவில்லை என்பது. எண்ணற்ற சுற்றுகள் சரியாக ஓடி, ஏதோ ஒன்றில்தான் தவறியது; வோல்டேஜை இன்னும் இறக்கினால் குறைந்த சுற்றுகளிலேயே தவறியது. இறக்கிய வோல்டேஜ் எல்லாச் சுற்றுக்கும் ஒன்றுதான். சுற்றுக்குச் சுற்று மாறுவது அந்தக் கணத்து இரைச்சல். நிலையான இறக்கம் மார்ஜினின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால், மீதியைத் தின்பதற்கு ஒரு சின்னப் பள்ளமே போதும். பிளண்டர்வோல்ட் என்று பெயரிட்ட இந்த வழியில், சிப்புக்குள் பூட்டி வைத்திருந்த மறையாக்கச் சாவிகளையே அவர்கள் வெளியே எடுத்தார்கள். இன்டெல் அந்த வோல்டேஜ் கதவைப் பூட்டும் திருத்தத்தை வெளியிட்டது.

ஒரு கணினி அவ்வப்போது காரணமின்றித் தவறுகிறது. அது வோல்டேஜ் பள்ளம்தானா, வேறு ஏதாவதா என்று எப்படிப் பிரித்தறிவது? அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்தால் தவறு போய்விட வேண்டும். அதிர்வெண்ணை விட்டுவிட்டு வோல்டேஜைச் சற்று உயர்த்தினாலும் போய்விட வேண்டும். இரண்டுக்கும் மசிந்தால், நேரம் போதாத பாதை ஒன்று இருக்கிறது. கிளாக்கை எவ்வளவு குறைத்தாலும் மசியாத தவறு வேறு வகை; அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. பிறகு பார்க்க வேண்டியது, தவறு எந்த வேலையின்போது வருகிறது என்பது. சிப்பை மணிக்கணக்கில் முழுப் பாரத்தில் ஓட்டும் சோதனையில் ஒன்றும் நேராமல், சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வேலை எடுக்கும்போது தவறினால் பள்ளத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். முழுப் பாரம் சீரான மின்னோட்டத்தைத்தான் இழுக்கும்; பள்ளத்தைத் தோண்டுவது மின்னோட்டத்தின் மாற்றம்.

இதை உறுதிப்படுத்த, பொறியாளர்கள் வேண்டுமென்றே சிப்பை உலுக்கும் நிரல்களை எழுதுவார்கள். நம் எடுத்துக்காட்டுச் சிப்பில் ஊசல் 8.9 நானோ விநாடி, அதாவது ஏறக்குறைய 36 கிளாக். எனவே 18 கிளாக்குக்குக் கனமான பெருக்கல்கள், 18 கிளாக்குக்கு ஒன்றுமில்லாத கட்டளைகள், மறுபடி பெருக்கல்கள் என்று ஒரு சுற்று. ஒவ்வொரு உலுக்கலும் முந்தைய ஊசலோடு சேர்ந்து பள்ளத்தை ஆழமாக்கும். சுற்றின் நீளத்தை 36-இலிருந்து 20-க்கோ 60-க்கோ மாற்றினால் ஆழம் குறைய வேண்டும். தவறும் அதோடு சேர்ந்து மறைந்தால், இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் விஜய் ஜனபா ரெட்டியும் சகாக்களும் இன்டெல் கோர் 2 டுவோ பிராசசரின் வோல்டேஜ் உணர் முனைகளில் ஆசிலாஸ்கோப்பை வைத்து, சாதாரண நிரல்களை ஓட்டினார்கள். எதிர்காலச் சிப்களின் இரைச்சல் எப்படியிருக்கும் என்று பார்க்க, பேக்கேஜின் மின்தேக்கிகளைப் பெயர்த்தெடுத்தும் ஓட்டினார்கள். அந்த பிராசசரில் மிக மோசமான நிலைக்காக வைத்திருந்த வோல்டேஜ் மார்ஜின் 14 சதவீதம் வரை. ஆனால் பெரும்பாலான நேரம் வோல்டேஜ் 4 சதவீதத்துக்குள்ளேயே ஆடியது. தரவுக்காகக் காத்திருப்பது, தவறான கிளையில் போய்விட்டதை உணர்ந்து வேலையை உதறிவிட்டு மறுபடி தொடங்குவது போன்ற நின்று-ஓடும் தருணங்களில்தான் பெரிய ஆட்டம் வந்தது.

4-க்கும் 14-க்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை மீட்கலாமே என்ற ஆசை வராமல் இருக்குமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2003-இல் முன்வைத்த ரேசர் என்ற முறை, தவறு நடக்கட்டும், கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வோம் என்றது. முக்கியமான ஃபிளிப்-ஃபிளாப் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், சற்றுத் தாமதமாகப் பதிவு செய்யும் இன்னொன்றை வைப்பார்கள். இரண்டும் வேறுபட்டால் முதலாவது அவசரப்பட்டுவிட்டது என்று பொருள். அந்த வேலையை மறுபடி செய்யலாம். ஐ.பி.எம். தன் பவர்7 பிராசசரில், நீளமான பாதையைப் போலவே நடந்துகொள்ளும் கேட் சங்கிலிகளைச் சிப்பின் பல இடங்களில் வைத்தது. ஒவ்வொரு கிளாக்கிலும் அதற்குள் ஒரு துடிப்பை விட்டு, கிளாக் முடியும்போது அது எத்தனை கேட் தாண்டியிருக்கிறது என்று பார்ப்பது. தாண்டிய தூரம் குறைந்தால் மார்ஜின் குறைகிறது. ஏ.எம்.டி. 2014-இல் விவரித்த 28 நானோமீட்டர் பிராசசர், சரிவைக் கண்டதும் கிளாக்கையே சற்று நீட்டிவிடும்.

இந்த முறைகளால் மார்ஜினே தேவையில்லாமல் போய்விடுமா என்றால், நம் கணக்கே பதில் சொல்லிவிடும். சரிவைக் கண்டுபிடித்து, முடிவெடுத்து, நீட்டிய கிளாக் சிப் முழுவதும் போய்ச் சேர ஒரு நானோ விநாடி ஆகிறது என்று வைப்போம். வெறும் நான்கு கிளாக், நல்ல வேகம்தான். ஆனால் அந்த ஒரு நானோ விநாடிக்குள் 100 மில்லி வோல்ட் பள்ளத்தில் 65 மில்லி வோல்ட் இறங்கி முடிந்திருக்கும். தொடக்கத்தில் சரிவு செங்குத்து, அடியை நெருங்கும்போதுதான் மெதுவாகும். 65 மில்லி வோல்ட் குறைந்தால் கேட்கள் 7 சதவீதம் மெதுவாகும். கிளாக் நீள்வதற்கு முன் ஓடும் கணக்குகளுக்கு அந்த 7 சதவீதத்தை மார்ஜின்தான் தாங்க வேண்டும். 165-க்குள் அடக்க வேண்டியிருந்த லாஜிக்கை 174 வரை நீட்டலாம். சரிவே இல்லாத உலகில் 190 கிடைத்திருக்கும். இத்தனை சாமர்த்தியத்துக்கும் பின் மீண்டது, இழந்த 25 பிக்கோ விநாடியில் 9.

மடிக்கணினியின் வோல்டேஜைக் குறைத்து, சூட்டையும் மின்விசிறிச் சத்தத்தையும் தணிக்கப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குறைப்பது தயாரிப்பாளர் சும்மா விட்டுவைத்த வோல்டேஜை அல்ல. பள்ளத்துக்கென்று ஒதுக்கிய வோல்டேஜை. முழுப் பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது என்பதை வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். நின்று நின்று பாயும் வேலைகளிலும், தாழ்ந்த அதிர்வெண்களிலும், விடையைச் சரிபார்க்கும் நிரலோடு சோதியுங்கள். ஒரு விடை பிசகினாலும் குறைத்ததில் இருபது முப்பது மில்லி வோல்டையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.